மூன்று நாள் சூறை

ஹார்ஸ்டெல் பட்டணத்துக்காரர்கள் சரணடைய மாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். அதைக் கேட்டதும் ஸ்பெயின் மன்னரின் படை முகாமில் ஒரே கொண்டாட்டம். எதிரி பணிய மறுத்தான் என்று தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆடுகிற படையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிரபாந்து நாட்டுச் சேற்றில் முழங்கால் புதையக் கிடந்த இந்தப் படை ஆடியது. முப்பத்தோரு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றால் நீங்களும் ஆடுவீர்கள்.

விஷயம் ரொம்ப எளிது. ஊர் தானாக வந்து சரணடைந்தால் ஊரைத் தொடக்கூடாது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு தொகை பேசித் தளபதி கையில் கொடுப்பார்கள், சிப்பாய்க்கு ஒரு கோழிகூடக் கிடைக்காது. மாறாக, சுவரை உடைத்து ஏறிப் பிடித்தால் மூன்று நாளைக்கு ஊர் சிப்பாயுடையது. கையில் அகப்பட்டதெல்லாம் அவனுக்கு. கோவில் மணிகள் மட்டும் பீரங்கிப் படைத் தலைவருக்குப் போகும், அது பழைய வழக்கம். அதனால் ஹார்ஸ்டெல் கோவில் மணி காலையில் அடிக்கும்போதெல்லாம் பீரங்கிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார்கள். புதிதாக வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். பீரங்கிக்காரர்கள் மணியின் எடையைக் கணித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முகாமில் மெல்ச்சோர் ஆன்சூரெஸ் என்பவர் தலைமை முரசுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. அவர் கையில் உள்ள கோல் மேலே போனால் இருபது முரசும் நிற்கும், கீழே வந்தால் இருபதும் முழங்கும். உள்ளூர்ப் பாஷை தெரிந்தவர் என்பதால் எதிரியின் வாசலுக்குத் தூது போவதும் அவர்தான். மாதம் ஆறு எஸ்கூதோ சம்பளம். அதாவது, ஆறு எஸ்கூதோ என்று ஏட்டில் எழுதியிருந்தது.

அவர் மனைவி லீஸ்பெத் இந்த நாட்டுக்காரிதான். படைக்குப் பின்னாலேயே வண்டி ஓட்டி வந்து பீர் விற்பாள். ஊர் விழுந்த மறுநாள் சிப்பாய்கள் தூக்கி வருகிற மெத்தை, பாத்திரம், பாவாடை எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்வதும் அவள்தான். இருவருக்கும் ஒரே மகள், நேல்கென். ஆறு வருஷம் முன்பு, ஊர் அமைதியாக இருந்த காலத்தில், ஒரு ரொட்டிக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த ரொட்டிக்காரனின் ஊர் ஹார்ஸ்டெல். இதை முகாமில் ஒருவரிடமும் அவர்கள் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஒற்றன் என்று அன்றைக்கே மரத்தில் தொங்கவிடுவார்கள்.

சுவரில் பீரங்கி அடிக்கத் தொடங்கி மூன்றாம் நாள், லீஸ்பெத்தின் கொட்டகையில் சூதாட்டம் நடந்துகொண்டிருந்தது. கையில் காசு கிடையாது. அதற்காகச் சூதாடாமல் இருக்க முடியுமா? பீப்பாய் மூடியில் ஒருவன் கரியால் ஹார்ஸ்டெல்லின் தெருக்களை வரைந்திருந்தான். வீடு வீடாகப் பணயம் வைத்து ஆடினார்கள்.

"மேயர் வீட்ட வைக்கிறேன். ரெண்டு வெள்ளித் தட்டு, ஒரு கடிகாரம், ஆறு மெத்தை."

"மேயர் வீட்டை நேத்தே நீ பாதி தோத்துட்ட. மாடி மட்டுந்தான் உன்னுது."

"சரி, மாடிய வைக்கிறேன். கடிகாரம் மாடிலதான் இருக்கும்."

"போன ஊர்ல கீழ இருந்துச்சுடா. கீழ் வீட்டுக்காரனக் கேட்டுக்க."

தொரீபியோ சார்க்கோ என்ற பத்துப் பேர் தலைவன் பகடைக் காயை உருட்டினான். ஈட்டிக்காரன், நாற்பது வயது, முன்பல் இரண்டு இல்லை. ஜெயித்துவிட்டு மீன் சந்தை மூலையில் கரியை வைத்து ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"ரொட்டிக்காரன் வீடு எனக்கு."

"அதுல என்னய்யா இருக்கு, மாவுதான் இருக்கும்."

"அட மக்கு. ஊரை வளைச்சுக் கிடக்கையில ரொட்டி விக்கிறவன்தான் பணக்காரன். ஊர்ல உள்ள அத்தனை பேர் காசும் இப்ப அவன் பெட்டிலதான் கிடக்கு. பொண்டாட்டியும் சின்னப் பொண்ணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பீர் ஊற்றிக்கொண்டிருந்த லீஸ்பெத்தின் கை அப்படியே நின்றது, குவளை வழிந்து அவள் செருப்பை நனைத்தது. மெல்ச்சோர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் எழுந்து வந்து சார்க்கோவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த ரொட்டிக்காரன் வீட்ட எனக்குக் குடுத்துடு. விலைக்கு வாங்கிக்கிறேன்."

"என்ன விலை தருவீங்கண்ணே?"

"என் முப்பத்தோரு மாசப் பாக்கியும் எடுத்துக்க. நூத்தி எண்பத்தாறு எஸ்கூதோ. எழுதித் தரேன், சாட்சிக் கையெழுத்தும் வாங்கித் தரேன்."

கொட்டகை முழுக்கச் சிரித்துச் சிரித்து இருமியது. சார்க்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ராஜா தர வேண்டிய காசயா? அண்ணே, அத வெச்சு என்ன பண்றது? எங்கிட்டயே தொண்ணூத்தி மூணு எஸ்கூதோவுக்கு இருக்கு. அந்தப் பாக்கிய நம்பி நம்ம அண்ணியே ஒரு குவளை பீர் தர மாட்டேங்குறாங்க. ஊர் விழுந்தாத் தருவேன்னு சொன்னாத்தான் ஊத்துறாங்க. இன்னும் பிடிக்காத வீடுன்னாலும் அது வீடு."

நியாயம்தான். உலகத்தில் பாதியை ஆளுகிற மன்னரின் சொல்லைவிட, எதிரியின் சுவருக்குள் இருக்கிற, இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு ரொட்டி அடுப்புக்கு முகாமில் மதிப்பு அதிகம்.

மறுநாள் மதியம் தளபதி தோன் ஃபத்ரீக்கே மெல்ச்சோரைக் கூடாரத்துக்கு அழைத்தார். மேசையில் பாதி தின்ற வாத்து இருந்தது. தளபதிகளுக்கும் சம்பளம் வரவில்லைதான், ஆனால் வாத்து வந்துகொண்டிருந்தது.

"மெல்ச்சோர், நாளைக்குச் சுவர் விழுந்துடும். விழுந்ததும் ஊர்க்காரன் முரசடிச்சுப் பேசலாம்னு கேப்பான். அவன் உள்ளேயிருந்து ஆள் அனுப்பிச் சொல்லிட்டான். நாப்பதாயிரம் ஃபுளோரின் தரானாம்."

மெல்ச்சோருக்கு உயிர் வந்தது. "அப்ப ஊர் தப்பிச்சுதுங்களா ஐயா?"

"முரசு கேட்டாத் தப்பிக்கும். ஏணி வைக்கறதுக்கு முன்னாடி கேட்டாகணும். நம்ம பசங்க கேக்க விடுவானுகளா? இருபது முரசையும் ஓயாம அடிக்க வெச்சிருவான். ஈர வைக்கோலக் கொளுத்திப் புகை போட்டு வெள்ளைத் துணி தெரியாமப் பண்ணிருவான். போன தடவை அப்படித்தான் பண்ணானுக."

"ஐயா, நீங்களே மூணு நாள் தரேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்தீங்களே."

"வேற எதக் குடுக்கறது?" தோன் ஃபத்ரீக்கே வாத்துக் காலை வைத்துவிட்டார். நிஜமாகவே நொந்து போயிருந்தார். "சம்பளம் இல்லாதவன எதச் சொல்லிச் சுவர்ல ஏத்துறது? நம்மகிட்ட கூலிக்கு வந்த ஜெர்மன்காரன் ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு மாசச் சம்பளம் தனியா எண்ணி வைன்னு உக்காந்திருக்கான். நம்ம ஆளு கௌரவக்காரன், சண்டைக்கு முன்னாடி கேக்க மாட்டான், முடிஞ்சப்புறம் கழுத்தப் பிடிப்பான். சூறை குடுத்தா என்னாகும் தெரியுமா? போன ஊருக்குள்ள மூவாயிரம் பேரோட போனேன். நாலாம் நாள் காலைல முரசடிச்சா எண்ணூறு பேர் வந்தான். மிச்சவன்லாம் மெத்தையத் தூக்கிக்கிட்டு எங்க விக்கலாம்னு போயிட்டான். ஊர் எரிஞ்சு போச்சு, அதுக்குள்ள காவல் வைக்க ஒரு கூரை இல்ல. என் படைய எதிரி ஒரு தடவ கூடத் தோற்கடிச்சதில்ல மெல்ச்சோர். ஜெயிச்ச ஊர்தான் ஒவ்வொரு தடவையும் தோற்கடிக்குது."

"நான் என்ன செய்யணும்?"

"முரசு கேட்டுச்சா இல்லையான்னு சொல்ல வேண்டியவன் நீ. நீ கேட்டா நான் கேட்டேன். ஆனா நான் சொல்லித்தான் நீ கேட்டேன்னு எவனுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா என்னைக் குத்திருவானுக."

"என்னைக் குத்த மாட்டாங்களா ஐயா?"

"அதுக்குத்தான் உன் பாக்கி முழுசயும் என் கையால தரேன். மொதல் ஆள் நீதான்."

கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் சார்க்கோ நின்றுகொண்டிருந்தான், பின்னால் ஆறு பேர்.

"அண்ணே, இந்த நாலு நாள் பீரங்கிச் சத்தத்துல உங்க காது ரொம்பக் கெட்டுப் போச்சுன்னு பசங்க வருத்தப்படுறாங்க."

"என் காது நல்லாத்தான் இருக்கு."

"இல்லண்ணே, கெட்டுப் போச்சு. நாளைக்கு ஒரு நாள் ரொம்ப மோசமாக் கெட்டுப் போவும். கெடலன்னா நாங்க கெடுக்க வேண்டி வரும்." மரியாதையாகத்தான் சொன்னான். அவரைத் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

லீஸ்பெத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். இரண்டு கம்பெனிச் சிப்பாய்களுக்கு அவள் பீர் கடன் கொடுத்திருந்தாள். ஊர் விழுந்தால்தான் அது திரும்பும். விழாவிட்டால் வண்டியையும் குதிரையையும் விற்க வேண்டும்.

"கேட்டுடுங்க," என்றாள்.

"உன் கடன்?"

"என் கடன் எக்கேடாவது கெடட்டும். பத்து ஊர்ல மறுநாள் காலைல உள்ள போயிருக்கேன் நான், சாமான் வாங்க. நீங்க நாலாம் நாள் முரசோட போவீங்க, தெருவெல்லாம் கழுவியிருக்கும். நான் பார்த்தத நீங்க பார்க்கல." கிளறிய கம்பைக் கீழே வைத்தாள். "இத்தன வருஷமா அந்த மெத்தைகள வாங்கிட்டிருந்தேனே, எனக்கு வெக்கமா இருக்கு. கேட்டுடுங்க, அவ்ளோதான்."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுவரில் ஒரு பெரிய பகுதி பொலபொலவென்று சரிந்தது. முதலில் ஏறுகிற இடத்துக்குச் சீட்டுக் குலுக்கியிருந்தார்கள். சாவதற்கு இத்தனை போட்டியா என்று கேட்காதீர்கள். முதலில் ஏறியவன் செத்தால் செத்தான், பிழைத்தால் நல்ல வீடு முதலில் அவனுக்கு. இரண்டு பேர் தங்கள் சீட்டை மற்றவர்களிடம் விற்றுவிட்டிருந்தார்கள். சார்க்கோவின் பத்துப் பேர் முன்வரிசையில். ஈர வைக்கோல் புகைந்தது. இருபது முரசும் காது கிழிய முழங்கின. முரசடிக்கிற ஒவ்வொருவன் பக்கத்திலும் ஒரு சிப்பாய் நின்று, இன்னும் ஓங்கி, இன்னும் ஓங்கி என்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

மெல்ச்சோர் எல்லோருக்கும் முன்னால் நின்றார். புகை ஒரு நிமிஷம் விலகியது. உடைந்த சுவருக்கு மேலே ஒல்லியான ஒரு மனிதன் தெரிந்தான், கழுத்தில் ஒரு சின்ன முரசு. கை மேலும் கீழும் போய்வந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஊமைக் கூத்து மாதிரி இருந்தது. அந்த மனிதன் அழுதுகொண்டே அடிக்கிறான் என்று மெல்ச்சோருக்குத் தோன்றியது. நேல்கெனின் வீடு அங்கிருந்து நூறு தப்படி.

முன்னால் போய் நான் கேட்டேன் என்று கத்தியிருந்தால் கத்தி முடிப்பதற்குள் ஈட்டி பாய்ந்திருக்கும். அவர் கத்தவில்லை. முப்பது வருஷமாகத் தினமும் செய்கிற காரியத்தைச் செய்தார். கோலை மேலே தூக்கினார்.

இருபது முரசும் நின்றுவிட்டன. யோசித்து நிறுத்தவில்லை. கோல் மேலே போனால் கை நிற்கும், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று தட்டிக்கொண்டிருந்த சிப்பாய்களின் கைகூட அந்தரத்தில் நின்றது. திடீரென்று விழுந்த அமைதியில், சுவர் மேலிருந்து அந்தச் சின்ன முரசின் சத்தம் தெளிவாக வந்தது. டப், டப், டப். முன்வரிசை கேட்டது, பின்வரிசை கேட்டது, ஜெர்மன்காரர்கள் கேட்டார்கள், மணியை இழந்த பீரங்கிக்காரர்கள் கேட்டார்கள். கேட்கவில்லை என்று இனி ஒருவனும் சொல்ல முடியாது. மேட்டில் குதிரை மேலிருந்த தோன் ஃபத்ரீக்கே, ஏதோ அப்போதுதான் தெரிந்தவர் போலத் திடுக்கிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஊர் தப்பித்தது. சார்க்கோ ஈட்டியை ஊன்றிக்கொண்டு மெல்ச்சோரையே பார்த்தபடி நின்றான்.

நாற்பதாயிரம் ஃபுளோரினும் நாலு நாளில் எண்ணி வந்தது. அது போன வழியைச் சொல்லிவிடுகிறேன். பழைய கடனுக்கென்று ஆண்ட்வெர்ப்பு வட்டிக்காரர்கள் பாதியை அள்ளிக்கொண்டார்கள். தோன் ஃபத்ரீக்கேக்குத் தளபதி பங்கு. மணி போன வருத்தத்துக்குப் பீரங்கித் தலைவருக்கு ஒரு தொகை. கேப்டன்கள் தங்கள் கம்பெனியில் நூறு பேர் என்று சொல்லி வாங்கினார்கள், அதில் முப்பது பேர் செத்து வருஷம் இரண்டாகியிருந்தது. மீதி சிப்பாய்க்கு. ஒரு மாதச் சம்பளம், பாதி காசாக, பாதி துணியாக. துணிக்குக் கடைவிலையைப் போல இரண்டு மடங்கு போட்டிருந்தார்கள். அதுவும் கத்தரிப்பூ நிறத் துணி.

அதற்கு மறுநாள் கலகம் வெடித்தது. சண்டை முடிந்துவிட்டதே, கௌரவத்துக்கு இனி ஒரு குறையும் இல்லை.

கலகம் என்றால் கூச்சல், கொலை, நெருப்பு என்று நினைப்பவர்கள் இந்தப் படையின் கலகத்தைப் பார்த்ததில்லை. முரசடித்து வட்டமாகக் கூடினார்கள். அதிகாரிகளை மரியாதையாக வெளியே போகச் சொன்னார்கள். ஓட்டுப் போட்டுத் தலைவனைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவன் ஒளித்து ஒரு கடிதம் படிக்கக்கூடாது, வருகிற கடிதத்தையெல்லாம் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும், மீறினால் தலை போகும். தலைவனானவன் சார்க்கோ. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஹார்ஸ்டெல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். குடித்துவிட்டுச் சண்டை போட்டால் அபராதம். கோழி திருடிய ஒருவனைச் சந்தையிலேயே தூக்கில் போட்டார்கள். மன்னரின் படையாக இருந்தபோது இதில் கால்வாசி ஒழுங்கு இருந்திருந்தால் அந்தப் போர் என்றைக்கோ முடிந்திருக்கும்.

மெல்ச்சோரை ஊர் வாசலுக்கு அழைத்துவந்து சார்க்கோ விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணே, உங்களக் கொல்லணும்னுதான் பேச்சு வந்துச்சு. ஆனா கலகத்துல ஒழுங்கு முக்கியமில்லையா, ஓட்டு எடுத்தோம். நாலு ஓட்டுல பொழச்சிட்டீங்க."

"நீ எதுக்குப் போட்ட?"

"கொல்லத்தான். தப்பா எடுத்துக்காதீங்க." கொஞ்சம் யோசித்தான். "உங்க பேரைப் பாக்கிப் பட்டியல்லேர்ந்து அடிச்சாச்சு. இனிமே பாக்கி கேக்கறதா இருந்தா நீங்க தனியாக் கேட்டுக்கங்க."

"எனக்குத் தளபதி வாக்குக் குடுத்திருக்கார்."

"நல்லது," என்றான் சார்க்கோ, நிஜமான பரிதாபத்தோடு.

பதினொரு மாதம் இப்படியே போனது. சுற்றுக் கிராமங்கள் மாதாமாதம் கலகக்காரர்களுக்குப் பணம் கட்டின. கட்டினால் ரசீது கிடைத்தது, ரசீது இருந்தால் வீடு எரியாது. முன்பு நாலு படைக்கு நாலு முறை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அதற்கு மேல், ஊரை விட்டு வெளியே வராமலிருக்க மன்னரே அவர்களுக்குத் தினப்படி அனுப்பினார். விசுவாசமாக இருந்தபோது வராத காசு, விசுவாசத்தை விட்டதும் சனிக்கிழமை தவறாமல் வந்தது. ஊருக்கு வெளியே, அதே சேற்றில், கலகத்தில் சேராத நாற்பது பேரோடு மெல்ச்சோர் தன் பெல்ட்டில் புதிது புதிதாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார். லீஸ்பெத் தண்ணீர் கலந்த பீரைக் கலகக்காரர்களுக்கு விற்று அவருக்குச் சோறு போட்டாள்.

கடைசியில் பெட்டிகள் வந்தன. நாற்பத்திரண்டு மாதப் பாக்கி, தங்கமாக. ஒவ்வொருவனையும் தனித்தனியாக உட்கார வைத்துத் தின்ற ரொட்டி, எரித்த வெடிமருந்து, படுத்த ஆஸ்பத்திரி, வாங்கிய சட்டை என்று கழித்தார்கள். கழித்தும் சார்க்கோவுக்கு நூறு எஸ்கூதோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. கூடவே மன்னிப்புச் சீட்டும், ஊர் போகப் பாஸ்போர்ட்டும். லீஸ்பெத்தின் பீர்க் கடன் அத்தனையும் அன்று சாயங்காலத்துக்குள் வட்டியோடு வந்து சேர்ந்தது.

நாற்பது பேரின் வரிசையில் மெல்ச்சோர் முதலில் நின்றார். சம்பளக்காரர் ஏட்டை மூடினார்.

"பட்டியல் முடிஞ்சுது. பெட்டியும் முடிஞ்சுது."

மெல்ச்சோர் நேரே தோன் ஃபத்ரீக்கேயிடம் போனார். தளபதி அவரை உட்காரவே சொன்னார். அது நல்ல அறிகுறியில்லை.

"மெல்ச்சோர், உனக்கு இருநூத்தி அம்பத்திரண்டு எஸ்கூதோ வரணும். எனக்குத் தெரியும். ராஜாவுக்கும் தெரியும்."

"நீங்க உங்க கையால தரேன்னீங்க ஐயா."

"குடுக்கறதுக்குத்தான் வெச்சிருந்தேன். ஆனா பார், கலகக்காரனுக்குக் குடுக்கலன்னா ஊர் போயிடும். உனக்குக் குடுக்கலன்னா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. நீ கலகம் பண்ண மாட்டேன்னு ராஜாவுக்கு அவ்ளோ நம்பிக்கை."

மெல்ச்சோர் வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

ஊருக்குள் போய் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஏழு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார். நேல்கென் மாவுக் கையோடு கட்டிக்கொண்டு அழுதாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. உயிரோடு, கொழுகொழுவென்று, மூக்கு ஒழுக இருந்த அதைப் பார்த்ததும் அவரும் அழுதார். சுடச்சுட ரொட்டி வந்தது.

"எவ்ளோ பயந்தோம் தெரியுமாப்பா. கடவுள் புண்ணியத்துல ஊர் தப்பிச்சுது. கலகக்காரங்க தலைவரு இங்கதான் தங்கியிருந்தாரு, சார்க்கோ அண்ணன். தங்கமான மனுஷன். ஒரு துரும்பத் தொடல. போகும்போது பதினொரு மாச வாடகையும் எண்ணி வெச்சிட்டுப் போனாரு." அவரைப் பார்த்தாள். சட்டையின் முழங்கையில் ஓட்டை. "நீங்க ஏம்ப்பா இப்படி இளைச்சுட்டீங்க? உங்களுக்குக் காசு வரலியா?"

"வரும்மா," என்றார். நடந்ததைச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பெருமைக்குச் சொல்வது போல இருக்கும் என்று ரொட்டியைத் தின்றார்.

அடுத்த ஆனியில் படை ஓட்டர்பெர்க் என்ற ஊரை வளைத்தது. புதிய சிப்பாய்கள், இத்தாலியிலிருந்து வந்தவர்கள், பத்தொன்பது மாதப் பாக்கி. சுவர் விழுவதற்கு முந்தைய நாள் தோன் ஃபத்ரீக்கே மெல்ச்சோரை அழைத்தார். ஊர்க்காரன் ஐம்பதாயிரம் தருகிறான், முரசு கேட்க வேண்டும், பாக்கி இந்தத் தடவை நிச்சயம் என்றார். மெல்ச்சோர் தலையாட்டினார்.

அங்கிருந்து நேரே லீஸ்பெத்தின் கொட்டகைக்குப் போனார். பீப்பாய் மூடியில் கரியால் ஓட்டர்பெர்க் வரைந்திருந்தது. பையன்கள் விலகி இடம் கொடுத்தார்கள்.

"நீங்களுமாண்ணே? எத வைக்கிறீங்க? ராஜா பாக்கிய வாங்க மாட்டோம்."

"ராஜா பாக்கி இல்ல. என் காத வைக்கிறேன். நாளைக்கு முழுக்க."

அவர்களுக்கு அது என்ன விலை பெறும் என்று தெரியும். காய் உருட்டக்கூட இல்லை, சந்தைத் தெருவில் மூன்று நல்ல வீட்டை அவர் பக்கம் தள்ளினார்கள். ஒரு நகை வியாபாரி, ஒரு துணிக்காரன், ஒரு ரொட்டிக்காரன். லீஸ்பெத் குவளையை வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன பண்றீங்க நீங்க? அந்த ஊர்லயும் யாராவது பெத்த பொண்ணு இருக்காதா?"

"நம்ம பொண்ணு இல்ல," என்றார் மெல்ச்சோர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சுவர் விழுந்தது. புகைக்கு மேலே ஒருவன் ஏறி நின்று அரை மணி நேரம் முரசடித்தான். இருபது முரசின் இரைச்சலுக்கு நடுவிலும் மெல்ச்சோருக்கு அது நன்றாகவே கேட்டது. கோல் அவர் கையில் கீழேயே இருந்தது.